பழைய வீடியோ கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது: கோடு, கீற்று, தெளிவு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்ணூறுகளில் மதுரையில் கல்யாண வீடியோ எடுத்தவர் ஒருவரிடம் லைட் பிடிக்கும் பையனாக இருந்தேன். அந்தக் கேசட்டுகள் இப்போது ஒவ்வொரு வீட்டுப் பரணிலிருந்தும் இறங்கி என்னிடம் வருகின்றன. கூடவே கேள்விகளும். பத்து பேரில் எட்டுப் பேர் ஒரே சந்தேகத்தைத்தான் கேட்கிறார்கள் என்பதால், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதி வைக்கிறேன்.

கேசட்டைக் கம்ப்யூட்டர்ல ஏத்தணும்னா என்னென்ன வேணும்ணே?

கேசட்டை நன்றாக ஓட்டும் ஒரு டெக், அதிலிருந்து வரும் படத்தைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோகும் ஒரு கேப்சர் கார்டு, மஞ்சள்-வெள்ளை-சிவப்பு ஒயர், காலி இடமுள்ள ஹார்ட் டிஸ்க். இவ்வளவுதான். இதில் மக்கள் கார்டைப் பற்றியே பேசுகிறார்கள். என் அனுபவத்தில் படம் எப்படி வரும் என்பதில் முக்கால் பங்கைத் தீர்மானிப்பது டெக்தான். நாடாவிலிருந்து டெக் எடுக்காத எதையும் கார்டு எடுத்துத் தராது.

டெக் இப்போது புதிதாகக் கிடைக்காது. திலகர் திடல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அவ்வப்போது தட்டுப்படும். வாங்கும் முன் ஒரு கேசட்டைப் போட்டு, ஓடவிட்டு, முன்னும் பின்னும் சுற்றி, வெளியே எடுத்துப் பாருங்கள். நாடாவின் ஓரம் மடங்கியோ கசங்கியோ வந்தால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். சோதனைக்கு உங்கள் வீட்டுக் கல்யாணக் கேசட்டைக் கொண்டு போகாதீர்கள். தூக்கிப்போட வேண்டிய பழைய கேசட் ஒன்று போதும்.

கேசட் ஜன்னல் வழியா பார்த்தா வெள்ளையா பொடி மாதிரி இருக்கு. ஒரே ஒரு தடவை போட்டுப் பார்த்துக்கலாமா?

போடாதீர்கள். அது பூசணம். ஒரு தடவை ஓடினாலே அந்தப் பொடி, நாடாவைப் படிக்கும் டெக்கின் ஹெட்டில் ஏறும், அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் பரவும். கேசட்டை சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய டப்பாவில் சில நாள் வைத்து முதலில் காயவிடுங்கள். வெயிலில் காயவைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். நம்ம ஊர் சித்திரை வெயிலில் கேசட் வடகம் மாதிரி வளைந்துபோகும், அந்த யோசனையே வேண்டாம்.

காய்ந்த பிறகு கேசட்டின் அடிப்பக்கத்தில் இருக்கும் ஐந்து திருகாணிகளைக் கழற்றி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் லேசாக நனைத்த, நூல் பிரியாத மெல்லிய துணிக்கு நடுவே நாடாவைக் கையால் மெதுவாகச் சுற்றித் துடைக்க வேண்டும். வீட்டுக்கு வெளியே, மாஸ்க் போட்டுக்கொண்டு செய்யுங்கள். ஒரு கேசட்டுக்கு அரை நாள் ஆகும். இந்த மாதிரிக் கேசட்டுகளை முதல் தடவை ஓட்டுவதற்கென்றே நான் ஒரு பழைய டெக்கைப் பலிகடாவாக வைத்திருக்கிறேன்.

படம் ஓடும்போது கீழே பட்டையா கோடு கோடா வருது. கேசட் போச்சா, டெக் போச்சா?

பெரும்பாலும் இரண்டும் போகவில்லை. இதுதான் டிராக்கிங் பிழை. டெக்குக்குள் ஒரு உருளை நொடிக்கு 25 சுற்று சுற்றுகிறது. அதில் எதிரெதிராக இரண்டு ஹெட்டுகள். ஒவ்வொரு ஹெட்டும் அரைச் சுற்றில் நாடாவின் மேல் ஒரு சாய்ந்த தடத்தைப் படிக்கும். ஒரு தடம் என்பது அரைப் படம். நம் நாட்டு முறையில் சாதாரண வேகத்தில் எடுத்த தடத்தின் அகலம் 49 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. பக்கத்துத் தடம் ஒட்டினாற்போல இருக்கும். ஹெட் கொஞ்சம் தள்ளிப் போனாலும் தன் தடத்தில் பாதி, பக்கத்துத் தடத்தில் பாதி என்று படிக்கும். சிக்னல் பலவீனமான அந்த இடம்தான் திரையில் இரைச்சல் பட்டையாகத் தெரிகிறது.

தடம் எங்கே தொடங்குகிறது என்று டெக்குக்குச் சொல்ல, நாடாவின் கீழ் ஓரத்தில் நொடிக்கு 25 துடிப்புகள் பதிவாகியிருக்கும். டிராக்கிங் குமிழைத் திருகினால், அந்தத் துடிப்புக்கும் ஹெட்டுக்கும் இடையிலான நேரத்தைக் கூட்டிக் குறைக்கிறீர்கள், அவ்வளவுதான். பிந்திய மாடல்களில் குமிழ் இருக்காது. சானல் கூட்டும், குறைக்கும் பட்டன்களே கேசட் ஓடும்போது அந்த வேலையைச் செய்யும். தானியங்கி டிராக்கிங்கை நம்பி விட்டுவிடாமல் கையாலும் ஒருமுறை திருகிப் பாருங்கள். பட்டை நகர்ந்தாலோ மெலிந்தாலோ நல்ல செய்தி: பிழை இப்போது ஓடுவதில் இருக்கிறது, நாடாவில் படம் ஒழுங்காக இருக்கிறது.

இன்னொன்று. பட்டை எல்லாம் போய்விட்ட பிறகும் படத்தின் கடைசி அடியில் சில வரிகள் எப்போதும் கலைந்தே இருக்கும். ஒரு ஹெட்டிலிருந்து இன்னொரு ஹெட்டுக்கு மாறும் இடம் அது. பழைய டிவி பெட்டிகள் ஓரத்தை மறைத்துவிட்டதால் நாம் பார்த்ததே இல்லை. கம்ப்யூட்டர் முழுப் படத்தையும் காட்டுவதால் புதிதாகத் தெரிகிறது. அதைச் சரிசெய்ய வேண்டியதில்லை, கடைசியில் கறுப்பால் மூடிவிடலாம்.

எவ்வளவு திருகினாலும் மேல் பக்கம் மட்டும் கோடு போகவே மாட்டேங்குதே?

குமிழால் முழுத் தடத்தையும் முன்னே பின்னே நகர்த்தத்தான் முடியும். தடத்தின் சாய்வை மாற்ற முடியாது. உருளைக்கு இரண்டு பக்கமும் நிற்கும் வழிகாட்டிக் கம்பங்கள்தான் நாடாவை எந்த உயரத்தில் உருளையோடு தழுவ வைப்பது என்று தீர்மானிக்கின்றன. படத்தின் மேல் பகுதி மட்டும் கெட்டால் நாடா உள்ளே நுழையும் பக்கத்துக் கம்பம், முன்னாலிருந்து பார்த்தால் இடதுபக்கக் கம்பம். கீழ்ப் பகுதி மட்டும் கெட்டால் வலதுபக்கம்.

எல்லாக் கேசட்டுக்கும் இப்படி வந்தால் உங்கள் டெக்கின் கம்பம் நகர்ந்திருக்கிறது. ஒரே ஒரு கேசட்டுக்கு வந்தால், அதைப் பதிவு செய்த டெக்கோ கேமராவோ அன்றைக்கே கோணலாக இருந்திருக்கிறது. அப்படியானால் இன்னொரு டெக்கில் போட்டுப் பாருங்கள். எதிர்பாராமல் பொருந்திப் போவது உண்டு. அந்த ஒரு கேசட்டுக்காகக் கம்பத்தைக் கால் திருகு, அரைத் திருகு என்று திருப்பிப் பிடித்துவிட்டு, பழையபடி திருப்பி வைக்கும் மெக்கானிக்குகளும் உண்டு. பழகாத கையால் அதைத் தொட வேண்டாம், திரும்ப அதே இடத்துக்குக் கொண்டுவருவது லேசில்லை.

வெள்ளைக் கீற்று பளிச் பளிச்சுனு வந்து போகுது. அதுவும் டிராக்கிங்தானா?

அது வேறு. அதற்கு டிராப்அவுட் என்று பேர். டிராக்கிங் பிழையில் ஹெட் இடம் தவறுகிறது. டிராப்அவுட்டில் ஹெட் சரியான இடத்தில்தான் இருக்கிறது, ஆனால் அந்த இடத்தில் படிக்க ஒன்றுமில்லை. காந்தப் பூச்சு உதிர்ந்திருக்கலாம், அல்லது தூசி ஒன்று ஹெட்டை நாடாவிலிருந்து தூக்கியிருக்கலாம். எவ்வளவு தூக்கினால் போதும் தெரியுமா? வெளிச்சமான இடங்களுக்கான சிக்னலின் அலைநீளம் நாடாவில் கிட்டத்தட்ட ஒரு மைக்ரான்தான். ஹெட்டுக்கும் நாடாவுக்கும் நடுவே அதே ஒரு மைக்ரான் இடைவெளி விழுந்தால் சிக்னல் ஏறக்குறைய முழுதாகக் காணாமல் போய்விடும். ஒரு தலைமுடியின் பருமன் அதைப்போலப் பல பத்து மடங்கு.

கணக்குப் போட்டுப் பார்த்தால் கீற்றின் வடிவமும் புரியும். ஹெட் நாடாவின் மேல் நொடிக்கு சுமார் 4.85 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. திரையில் ஒரு வரி வரைய 64 மைக்ரோநொடி. அப்படியானால் ஒரு முழு வரி நாடாவில் 0.3 மில்லிமீட்டர் நீளம்தான். அரை மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு பொட்டு உதிர்ந்திருந்தால் ஒவ்வொரு தடத்திலும் ஒன்றரை வரி போகும். அதோடு அந்தப் பொட்டின் குறுக்கே 49 மைக்ரான் தடங்கள் பத்து ஓடுகின்றன. பத்து அரைப் படம் என்றால் நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. கண்ணுக்குப் பளிச்சென்று பட்டு மறையும் அந்தக் கீற்று இதுதான்.

சின்னக் கீற்றுகளை டெக்கே மறைத்துவிடும். சிக்னல் விழுந்ததும் முந்தைய வரியை அப்படியே திரும்பப் போட்டுவிடும் ஏற்பாடு உள்ளே இருக்கிறது. அதனால் நீங்கள் பார்க்கும் கீற்றுகள், அந்த ஏற்பாட்டையும் மீறி வந்தவை. மறைக்கப்பட்ட இடத்திலும் உண்மையான படம் கிடையாது, மேல் வரியின் நகல்தான் இருக்கிறது என்பதையும் மனதில் வையுங்கள்.

நாடாவுல பூச்சு உதிர்ந்ததா, வெறும் தூசியானு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

அதே ஒரு நிமிடத்தை இரண்டு தடவை கம்ப்யூட்டரில் பிடியுங்கள். இரண்டிலும் ஒரே படத்தில், ஒரே இடத்தில் வரும் கீற்று நாடாவில் நிரந்தரமாக இருப்பது. ஒன்றில் வந்து இன்னொன்றில் வராதது தூசி, அல்லது ஹெட் அழுக்கு. படம் முழுக்க மழை பெய்கிற மாதிரிப் புள்ளி விழுந்தால் ஹெட்டைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

ஹெட் துடைக்கும்போது டெக்கின் மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு, ஆல்கஹாலில் நனைத்த மான்தோல் துண்டை உருளையின் மேல் லேசாக அசையாமல் ஒற்றிப் பிடித்து, மறு கையால் உருளையின் தலையைப் பிடித்து மெதுவாகச் சுற்றுங்கள். துணி நிற்க வேண்டும், உருளை சுற்ற வேண்டும். மேலும் கீழுமாகத் தேய்த்தால் ஹெட் முறியும். காது குடையும் பஞ்சுக் குச்சி ஆகாது, நூல் மாட்டிக்கொள்ளும்.

கீற்று ஒரே உயரத்தில் நிமிடக்கணக்கில் நின்றால் நாடாவில் நீளவாட்டுக் கீறல். கீழ் ஓரம் மடங்கியிருந்தால் முன்பு சொன்ன துடிப்புகள் கெட்டு டிராக்கிங் தானாக அலையும். மேல் ஓரம் கெட்டால் சத்தம் போகும்.

டிராக்கிங் கோடு படத்தோடவே ஒட்டிப்போன மாதிரி இருக்கு. திருகினாலும் நகரலை, டெக் மாத்தினாலும் அப்படியே இருக்கு. ஏன்?

இதுதான் என்னிடம் வரும் கேசட்டுகளில் பாதிக்கு மேல் உள்ள கதை. உங்கள் வீட்டில் இருப்பது கேமராவில் ஓடிய கேசட் கிடையாது. மாஸ்டர் வீடியோக்காரரிடம் இருந்தது. அதிலிருந்து மிக்ஸிங் போட்டு, பூ விரிவது, இதயத்துக்குள் மாப்பிள்ளை பெண் எல்லாம் சேர்த்து இன்னொரு கேசட். அதை டெக்கிலிருந்து டெக்குக்கு ஏற்றிப் பெண் வீட்டுக்கு ஒன்று, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று. ஏற்றும்போது ஓட்டிய டெக்கில் டிராக்கிங் சரியில்லாமல் இருந்திருந்தால், அந்தக் கோடும் படமாகவே பதிவாகிவிடும். சீசனில் ராத்திரி முழுக்க நாலு டெக் ஓடும், யாரும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். நானும் தூங்கியவன்தான்.

பதிந்துபோன கோட்டுக்கு மூன்று அடையாளம். குமிழைத் திருகினால் அசையாது. எத்தனை தடவை ஓட்டினாலும் அதே காட்சியில் அதே இடத்தில் வரும். இப்போது உண்டாகும் கோடு கூர்மையாக, வெள்ளையாகச் சிதறும். பதிந்த கோடு கொஞ்சம் மங்கி, படத்தோடு கரைந்த மாதிரி இருக்கும். சில நேரம் அடியில் ஹெட் மாறும் முறிவு ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு தெரியும். ஒன்று இப்போது ஓடும் டெக்குடையது, இன்னொன்று அன்றைக்கு ஓடிய டெக்குடையது.

இதை எந்த டெக்காலும் கார்டாலும் நீக்க முடியாது. செய்யக்கூடிய ஒரே காரியம், ஒரு தலைமுறை முந்திய கேசட்டைத் தேடுவது. வீடியோக்காரர் வீட்டில் மாஸ்டர் கிடக்கிறதா, சம்பந்தி வீட்டில் வேறு பிரதி இருக்கிறதா என்று கேளுங்கள். கம்ப்யூட்டரில் மண்டையை உடைப்பதைவிட இரண்டு போன் கால் அதிகம் உதவும்.

கேப்சர் பண்றப்ப டிராப் 412-னு காட்டுது. 412 டிராப்அவுட்டா?

பேர்தான் ஒன்று போல இருக்கிறது. கேப்சர் பண்ணும் `VirtualDub` மென்பொருளில் `Frames dropped` என்று வருவது, கார்டு தவறவிட்ட முழுப் படங்களின் எண்ணிக்கை. டிராப்அவுட் நாடாவில் உள்ள ஓட்டை. கீற்று விழுந்த படமும் முழுதாகக் கணக்கில் வந்துவிடும், அதனால் எண் ஏறாது.

ஆனால் இரண்டுக்கும் தொடர்பு உண்டு. நாடா சீராக ஓடாததால் ஒவ்வொரு வரியும் கொஞ்சம் முன்னே பின்னே வருகிறது. தூண்களும் கதவு நிலைகளும் நெளிந்து தெரிவது இதனால்தான். டிராக்கிங் மோசமான இடத்தில் வரி எங்கே தொடங்குகிறது என்ற குறியே தொலைந்துபோகும். பழைய டிவி அதைப் பொறுத்துக்கொண்டது. கார்டு பொறுக்காது, படத்தையே விட்டுவிடும். 412 படம் என்றால் பதினாறரை நொடி. சத்தம் அப்படியே ஓட, படம் மட்டும் குறைந்து, கடைசியில் உதடும் பேச்சும் ஒட்டாமல் போகும்.

இதற்கு மருந்து, டெக்குக்கும் கார்டுக்கும் நடுவே நேரத்தைச் சீராக்கும் ஒரு கருவி. டைம் பேஸ் கரெக்டர் என்பார்கள். தனிக் கருவியின் விலை கையைக் கடிக்கும். சில டிவிடி ரெக்கார்டர்கள் உள்ளே வரும் சிக்னலைச் சீராக்கி அப்படியே வெளியே விடும். பானசோனிக்கின் டிஎம்ஆர்-இஎஸ்10, இஎஸ்15 இரண்டும் இதற்குப் பேர்போனவை. டிவிடியில் பதிவு செய்ய வேண்டாம், நடுவில் இருந்தால் போதும். நெளிவு நிமிரும், எண் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வரும். கீற்றும் இரைச்சல் பட்டையும் மட்டும் போகாது, ஏனென்றால் அங்கே சீராக்க ஒன்றும் இல்லை.

ஏவியை எச்டிஎம்ஐயா மாத்துற பெட்டி இருக்கே, அதை வாங்கி எச்டிஎம்ஐ கார்டுல பிடிச்சா 1080 வருமே?

எண் வரும், படம் வராது. கேசட்டில் நொடிக்கு 50 அரைப் படங்கள் ஒன்று விட்டு ஒரு வரியாக இருக்கின்றன. அந்த மலிவுப் பெட்டி அவற்றை அவசரமாக ஒட்டி, பெரிதாக்கி, பல நேரம் 60 ஆகவும் மாற்றி அனுப்பும். நடப்பவர்கள் தத்தித் தத்தி நடப்பார்கள். மூலத்தில் இருந்த வரிசை போனபின் பிரிப்பது முடியாத வேலை. அரைப் படங்களை அப்படியே தரும் சாதாரண யுஎஸ்பி கார்டே மேல்.

சரி, எந்த செட்டிங்ல பிடிக்கணும்?

`PAL_B`, `720x576`, `25` படம், `YUY2`, சுருக்குவதற்கு `HuffYUV` அல்லது `Lagarith`. இந்த முறையில் எதுவும் இழக்காது, அதனால் மணிக்கு 30 முதல் 40 ஜிபி வரை பிடிக்கும். இரைச்சல் அதிகமான கேசட் இன்னும் அதிகம் கேட்கும். பிடிக்கும்போதே எம்பி4 ஆக்கினால், இரைச்சலைச் சுருக்குவதிலேயே அதன் சக்தி எல்லாம் போய் முகங்கள் கட்டம் கட்டமாகிவிடும்.

தொடங்கும் முன் கேசட்டை ஒருமுறை கடைசிவரை சுற்றி, திரும்ப முதலுக்குக் கொண்டுவாருங்கள். வருடக்கணக்கில் ஒரே இறுக்கத்தில் இருந்த நாடா தளர்ந்து சீராக ஓடும். லைட் அடித்த முகங்கள் வெளுத்துத் தெரிந்தால் கார்டின் பிரைட்னஸைக் குறைத்துவிட்டுப் பிடியுங்கள். பிடித்த பிறகு வெளுத்தது வெளுத்ததுதான். வீட்டாருக்குக் கொடுக்க, பிறகு `ffmpeg` மென்பொருளில் இந்தக் கட்டளையால் மாற்றலாம்:

```
ffmpeg -i pidi1.avi -vf "bwdif=mode=send_field:parity=tff,setsar=12/11" -c:v libx264 -crf 18 -pix_fmt yuv420p -c:a aac -b:a 192k pidi1.mp4
```

50 அரைப் படமும் 50 முழுப் படமாகும். அசைவு முன்னும் பின்னும் துள்ளினால் `tff` என்பதை `bff` ஆக்குங்கள்.

மொய் எழுதுற சீன்ல நோட்டு தெரியுது. அதுல இருக்கிற பேரைப் படிக்கிற அளவுக்குத் தெளிவாக்க முடியுமா?

இந்தக் கேள்வியை மூன்று வீட்டில் கேட்டிருக்கிறார்கள், காரணத்தை நான் கேட்கவில்லை. பதில் நோட்டு திரையில் எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்பதில் இருக்கிறது. விஎச்எஸ் நாடாவில் வெளிச்சத்துக்குக் கிடைக்கும் நுணுக்கம், திரையின் முழு அகலத்துக்கும் ஏறக்குறைய 320 புள்ளிதான். 720 என்பது நாம் பிடிக்கும் பாத்திரத்தின் அளவு. செம்பில் இருக்கும் தண்ணீரைக் குடத்தில் ஊற்றினாலும் தண்ணீர் செம்பளவுதான். நோட்டு திரையில் பாதி அகலம் என்றால் 160 புள்ளி. ஒரு வரியில் 20 எழுத்து இருந்தால் எழுத்துக்கு 8 புள்ளி. அதில் 'ன'வையும் 'ண'வையும் பிரிக்க முடியாது. கேமராக்காரர் கிட்டே போய் நோட்டைத் திரை முழுக்கக் காட்டியிருந்தால் சில பேர்களைப் படித்துவிடலாம். அதுவும் மாஸ்டரில். பிரதியில் இன்னும் குறையும்.

வண்ணத்துக்கு அகலத்தில் ஐம்பது அறுபது புள்ளிகூடத் தேறாது. ஒவ்வொரு பிரதியிலும் வண்ணம் ஒன்றிரண்டு வரி கீழே இறங்கும். மூன்றாம் பிரதியில் பொட்டின் சிவப்பு புருவத்துக்கு வந்துவிட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். வண்ணத்தை மட்டும் மேலே நகர்த்தி இதைச் சரிசெய்யலாம். இல்லாத எழுத்தை வரவைக்க வழியில்லை. ஃபோர் கே ஆக்கித் தருகிறோம் என்று கடையில் சொன்னால், அந்த மொய் நோட்டைக் காட்டிப் படிக்கச் சொல்லுங்கள்.

மூணு தடவை பிடிச்சுச் சேர்த்தா கீற்று போயிடுமாமே?

சிலது போகும். உசிலம்பட்டிப் பக்கம் நடந்த ஒரு காதணி விழாக் கேசட்டில் செய்ததைச் சொல்கிறேன். வீட்டில் இருந்த கேசட்டில் தாய்மாமன் சீர் வரும் ஊர்வலம் முழுக்க அடியில் பட்டை. திருகினேன், அசையவில்லை. இரண்டாவது டெக்கிலும் அப்படியே. பதிந்த கோடு என்று தெரிந்ததும், மாமன் வீட்டில் பிரதி இருக்கிறதா என்று கேட்கச் சொன்னேன். இருந்தது, பூசணத்தோடு. துடைத்து ஓட்டியதில் அந்தப் பட்டை இல்லை. ஆனால் கீற்று ஏராளம்.

காது குத்தும் ஒரு நிமிடத்தை மட்டும் எடுத்து எண்ணினேன். முதல் தடவை 31 கீற்று. ஹெட்டைத் துடைத்துவிட்டுப் பிடித்ததில் 19. அப்படியே இன்னும் இரண்டு தடவை பிடித்தேன். துடைத்த பிறகு பிடித்த மூன்றிலும் பொதுவாக இருந்தவை 12. மூன்றையும் படத்துக்குப் படம் நேராக அடுக்கி, ஒவ்வொரு புள்ளிக்கும் நடு மதிப்பை எடுத்தால், ஒன்றில் மட்டும் வந்த கீற்று மற்ற இரண்டின் வாக்கில் தோற்றுப்போகும். இதற்கு `AviSynth` என்ற வீடியோ மென்பொருளில் `Median` என்ற செருகுநிரல் இருக்கிறது. மிஞ்சியது அந்த 12. அவை நாடாவின் ஓட்டைகள், எத்தனை தடவை பிடித்தாலும் வரும். அவற்றில் குழந்தையின் முகத்தில் விழுந்த மூன்றை மட்டும் பக்கத்துப் படத்திலிருந்து கையால் ஒட்டினேன். பந்தல் துணியில் விழுந்ததை விட்டுவிட்டேன்.

ஒரு எச்சரிக்கை. மூன்று பிடியிலும் படம் தவறாமல் இருந்தால்தான் அடுக்க முடியும். டிராப் எண் ஏறிய பிடியோடு இந்த வேலையைத் தொடங்காதீர்கள். மூன்று மணி நேரக் கேசட் முழுவதையும் இப்படிச் செய்யவும் வேண்டாம். வீட்டாரைக் கேட்டு முக்கியமான பத்து நிமிடத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

படம் நல்லா இருக்கு, சத்தம்தான் கரகரங்குது. ஏன்?

டெக் ஹைஃபை என்றால் அது சுழலும் ஹெட் வழியாகவும் சத்தத்தைப் படிக்கும். டிராக்கிங் கொஞ்சம் பிசகினாலும் அதில் கரகரப்பு வரும். ஆடியோவை `MONO` அல்லது `NORM` என்று மாற்றினால் மேல் ஓரத்தில் உள்ள சாதாரணத் தடத்திலிருந்து வரும். கல்யாணப் பிரதிகளில் பெரும்பாலும் அது ஒன்றுதான் இருக்கும். படத்துக்கு நல்ல இடமும் ஹைஃபை சத்தத்துக்கு நல்ல இடமும் குமிழில் ஒன்றாக அமையாத கேசட்டும் உண்டு. அப்போது இரண்டு தடவை பிடித்து ஒன்றிலிருந்து படம், இன்னொன்றிலிருந்து சத்தம் எடுத்துக்கொள்வேன்.

எல்லாம் ஏத்தியாச்சு. இனி கேசட்டைத் தூக்கிப் போட்டுடலாமா?

முதலில் கோப்பை முழுக்க ஓட்டிப் பாருங்கள், கடைசிப் பத்து நிமிடத்தில் உதடும் பேச்சும் ஒட்டுகிறதா என்று. எம்பி4-ஐ மட்டும் வைத்துக்கொண்டு பெரிய கோப்பை அழித்துவிடாதீர்கள். கேசட்டைப் பொறுத்தவரை, பூச்சு உதிர்ந்து ஓடாத நிலைக்கு வந்தால் ஒழிய வைத்திருக்கச் சொல்வேன். முழுதாக முன்னோக்கிச் சுற்றி, புத்தகம் மாதிரி நிமிர்த்தி, சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில், பரணில் அல்லாமல் பீரோவின் கீழ்த் தட்டில். காதணி விழாக் கேசட் இரண்டும் இப்போது அப்படித்தான் மாமன் வீட்டில் இருக்கின்றன. பட்டை பதிந்ததன் மேல் "இது வேண்டாம்" என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.